ஒரே வீட்டுக்கு இரண்டு வாட்ச்மேன்கள்

சினிமா தடங்கலில்லாமல் ஓடுகிறது. அலுவலக வீடியோ அழைப்பில் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வேகத்தைச் சோதித்தால் கட்டிய பணத்துக்குக் குறைவில்லாத எண் வருகிறது. ஆனால் வீட்டுப் பையன் விளையாட்டு கன்சோலின் முன் உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் தலைகீழ். நான்கு நண்பர்கள் சேரும் ஆட்டத்தில் இருவருடைய குரல் கேட்கிறது, மூன்றாமவர் ஊமையாகிவிடுகிறார். அவன் அழைத்தால் யாராலும் உள்ளே வர முடியவில்லை. மற்றவர்கள் அழைத்தால் சில நாள் அவனால் போக முடிகிறது, சில நாள் முடியவில்லை. ஃபைபர் இணைப்பு வந்துவிட்ட இந்திய நகரங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெரும்பாலும் இதற்கு வேகம் காரணமல்ல. வீட்டுக்குள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பெட்டிகள்தான் காரணம்.

புனேயின் கோத்ரூட் பகுதியில் இரண்டு படுக்கையறை உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசலுக்கு அருகே, ஷூ அலமாரிக்கு மேலே, இணைப்பு கொடுத்த கம்பெனி மாட்டிவிட்டுப் போன வெள்ளை நிற ஃபைபர் மோடம் இருக்கிறது. தாத்தாவின் லேண்ட்லைன் ஃபோனும் அதில்தான் செருகப்பட்டிருக்கிறது. அதன் வைஃபை கடைசி அறைவரை எட்டவில்லை என்பதால் குடும்பத்தினர் கடையில் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, ஒரு கேபிளால் மோடத்தோடு இணைத்துக் கூடத்தில் வைத்தார்கள். பையனின் பிளேஸ்டேஷன் 5 அந்த ரவுட்டரில் இருக்கிறது. டி.வி.யும் அப்பாவின் ஃபோனும் பழைய பழக்கத்தில் மோடத்தின் வைஃபையிலேயே தங்கிவிட்டன.

பிளேஸ்டேஷனில் இணைப்பைச் சோதித்தால் வருவது `NAT Type 3`. இதுவே எக்ஸ்பாக்ஸாக இருந்தால் `Double NAT detected` என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கும். கம்பெனியின் டெக்னீஷியன் வந்து பார்த்தார். “ஸ்பீடு வருகிறதே, எங்கள் பக்கம் தப்பில்லை” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அப்பா 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தை 300-க்கு உயர்த்தினார். மாத பில் கூடியது. `NAT Type 3` அப்படியே இருந்தது.

வாசலில் நடப்பது என்ன?

இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு முகவரி வேண்டும். இன்றும் பரவலாகப் புழங்கும் பழைய முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். இது போதாது என்பது 1990களிலேயே தெரிந்துவிட்டது. 1994-இல் வகுக்கப்பட்ட வழிதான் ‘நேட்’. வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு முகவரி. உள்ளே இருக்கும் கருவிகளுக்கெல்லாம் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் தனி முகவரிகள். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து மாற்றி எழுதிக்கொண்டிருப்பது ரவுட்டரின் வேலை. உலகத்தில் புதிதாகக் கொடுக்க வைத்திருந்த முகவரித் தொகுப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதன்பின் நேட் இல்லாத வீடே அரிது.

இந்த ஏற்பாட்டை அடுக்குமாடி வாட்ச்மேனோடு ஒப்பிடலாம். உள்ளே குடியிருப்பவர் வெளியே போகும்போது யாரைப் பார்க்கப் போகிறார் என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார். அந்த ஆள் பதிலுக்கு வந்தால் உள்ளே விடுகிறார். குறிப்பில் இல்லாத புது முகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார். சினிமா பார்ப்பதற்கும் மெயில் அனுப்புவதற்கும் இது போதும். அங்கெல்லாம் முதலில் வெளியே போவது வீட்டுக்காரர்தான்.

சில விளையாட்டுகளும் இப்படித்தான். வாலரண்ட் ஆடுபவர் மும்பையில் உள்ள சர்வரோடு மட்டும் பேசுகிறார். மற்ற ஆட்டக்காரர்களும் அதே சர்வரோடுதான் பேசுகிறார்கள். யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. ஜி.டி.ஏ. ஆன்லைன் போன்றவை வேறு ரகம். அங்கே ஆட்டக்காரர்களின் கன்சோல்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசுகின்றன. பெங்களூரில் இருக்கும் நண்பனின் கன்சோல் புனே வீட்டுக் கதவைத் தட்டுகிறது. வாட்ச்மேன் நோட்டைப் புரட்டுகிறார், பெயர் இல்லை, திருப்பி அனுப்பிவிடுகிறார். நண்பர் குழுவின் குரல் அரட்டையிலும் பல நேரம் இதே கதைதான்.

இதற்கென்றே ரவுட்டர்களில் `UPnP` என்று ஒரு வசதி இருக்கிறது. கன்சோல் தன் ரவுட்டரிடம், “இந்த எண்ணுள்ள போர்ட்டுக்கு யார் வந்தாலும் என்னிடம் அனுப்பு” என்று சொல்லிவைக்கிறது. எக்ஸ்பாக்ஸ் வழக்கமாகக் கேட்பது 3074. ரவுட்டர் சரியென்று திறந்து வைக்கிறது. ஒரே வாட்ச்மேன் இருக்கும் வீட்டில் பிரச்சினை இத்தோடு முடிந்தது.

கோத்ரூட் வீட்டில் வாட்ச்மேன்கள் இரண்டு பேர். மோடம் என்று எல்லோரும் அழைக்கும் வெள்ளைப் பெட்டி வெறும் மோடம் அல்ல. அதற்குள்ளும் ஒரு ரவுட்டர் உட்கார்ந்து நேட் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கன்சோல் சொல்லிவைத்தது கூடத்தில் இருக்கும் வாட்ச்மேனிடம். நண்பன் வந்து தட்டுவது ஷூ அலமாரிக்கு மேலே இருக்கும் கதவை. அங்கே நிற்பவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கூடத்து ரவுட்டரில் போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும், அதைவிட விலை கூடிய ‘கேமிங்’ ரவுட்டர் வாங்கி வைத்தாலும், பயனில்லாமல் போவது இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது

இரண்டு பெட்டிகளில் ஒன்றை நேட் வேலையிலிருந்து விடுவிப்பதுதான் தீர்வு. மோடத்தை `Bridge` நிலையில் போட்டால் அது ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றிக் கேபிளில் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முகவரி, வாசல், காவல் எல்லாம் ரவுட்டரின் பொறுப்பாகிவிடும். ஆனால் இதில் கை வைக்கும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் இறங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியவர்கள் உண்டு.

முதலில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணையம் நுழையும் `WAN` பகுதியில் என்ன முகவரி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோத்ரூட் வீட்டில் இருந்தது 192.168.1.5. 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கும் முகவரிகள் உள்வீட்டு முகவரிகள். ரவுட்டர் நேராக இணையத்தில் இல்லை, அதற்கு மேலே இன்னொருவர் இருக்கிறார் என்பது இதிலிருந்து தெரிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் இருந்தால் இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். விண்டோஸில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் போதும்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் இரண்டு வரிகளில் இப்படி வந்தால் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றன என்று அர்த்தம்:

```
1    <1 ms    <1 ms    <1 ms    192.168.0.1
2     1 ms     1 ms     1 ms    192.168.1.1
```

அடுத்தது இன்னும் முக்கியமான கேள்வி. அந்த மேல் பெட்டியான மோடத்துக்குக் கிடைத்திருக்கும் முகவரி என்ன? மோடத்தின் பக்கத்துக்குள் நுழைந்து அதன் `WAN` முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, வெளியுலகுக்குத் தெரியும் முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு, மோடத்தில் 203.0.113.45, இணையதளத்திலும் 203.0.113.45 என்றால் வெளி முகவரி வீடுவரை வந்திருக்கிறது. பிரிட்ஜ் நிலை நிச்சயம் பலன் தரும்.

இரண்டும் வேறு வேறாக இருந்து, மோடத்தின் முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் கதை வேறு. வீட்டு முகவரிகளோடு மோதாமலிருக்க, இணைப்பு தரும் கம்பெனிகளுக்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. முகவரித் தட்டுப்பாட்டால் கம்பெனியே தன் அலுவலகத்தில் ஒரு பெரிய நேட் பெட்டியை வைத்து, பல வீடுகளை ஒரே முகவரியின் கீழ் நிறுத்தியிருக்கிறது. சில கம்பெனிகள் இதே வேலைக்கு 10-இல் தொடங்கும் முகவரியையும் தருகின்றன. எப்படி இருந்தாலும் மோடத்தின் முகவரியும் வெளியில் தெரியும் முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் சோதனை. ஒத்துப்போகாவிட்டால் வீட்டு மோடத்தை பிரிட்ஜில் போடுவதால் இரண்டு வாட்ச்மேன்களில் ஒருவர்தான் விலகுவார். தெருமுனையில் நிற்கும் மூன்றாமவர் வீட்டுக்காரரின் கைக்கு எட்டாதவர்.

அப்படிப்பட்டவர்கள் கம்பெனியிடம் பொது முகவரி கேட்க வேண்டும். பல கம்பெனிகள் தனிக் கட்டணத்துக்கு இதைக் கொடுக்கின்றன. விளையாட்டுக்கு மாறாத முகவரி தேவையில்லை. பொது முகவரியாக இருந்தால் போதும், அது தினமும் மாறினாலும் பரவாயில்லை. ஆனால் விற்பனைப் பட்டியலில் அது பெரும்பாலும் ‘ஸ்டாடிக் ஐ.பி.’ என்ற பெயரில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதே வழி. பணம் கட்டும் முன், எந்த முகவரி கிடைக்கும், அது மோடத்தில் தெரியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றும் வேலை

கோத்ரூட் வீட்டில் முகவரிகள் ஒத்துப்போயின. ஆகவே வேலையைத் தொடங்கலாம். ஆனால் முதல் வேலை கம்ப்யூட்டரில் அல்ல, ஃபோனில். இந்தியாவில் பல ஃபைபர் இணைப்புகள் `PPPoE` என்ற முறையில் இயங்குகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். இதுவரை மோடம் அதைச் செய்துகொண்டிருந்தது. இனி ரவுட்டர் செய்ய வேண்டும். மோடத்தின் திரையில் பயனர் பெயர் தெரியும், பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் புள்ளிகள்தான் தெரியும். அதனால் கம்பெனியைக் கூப்பிட்டு மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்: பயனர் பெயரும் பாஸ்வேர்டும், `VLAN ID` என்ற எண், பிரிட்ஜ் நிலையை அவர்களே தங்கள் இடத்திலிருந்து மாற்றித் தருவார்களா என்பது. அவர்கள் செய்து தர இசைந்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. சில கம்பெனிகள் தங்கள் மோடத்தில் பிரிட்ஜ் நிலையை அனுமதிப்பதே இல்லை என்பதும் இந்த அழைப்பிலேயே தெரிந்துவிடும்.

தானே செய்வதென்றால், ஒரு லேப்டாப்பைக் கேபிளால் மோடத்தில் இணைத்து, அதன் பக்கத்தைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் 192.168.1.1. எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு திரையையும் ஃபோனில் படம் எடுத்துவைப்பது அவசியம். திரும்பிப் போக வழி அதுதான்.

`WAN` பக்கத்தில் பல நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் பட்டியலிடப்பட்டிருக்கும். `INTERNET` என்ற பெயருள்ளதை மட்டும் தொட வேண்டும். `VOIP` என்று இருப்பது தாத்தாவின் ஃபோன். `TR069` என்று இருப்பது கம்பெனி தன் அலுவலகத்திலிருந்து மோடத்தைக் கவனிக்கும் வழி. இந்த இரண்டும் இருந்தபடியே இருக்கட்டும். லேண்ட்லைனுக்கென்று இப்படித் தனி இணைப்பு இருந்தால், பிரிட்ஜுக்கு மாறிய பின்னும் அது மணியடிக்கும். `INTERNET`, `VOIP` இரண்டும் ஒரே இணைப்பில் சேர்ந்திருந்தால், அதை பிரிட்ஜ் செய்த கணமே லேண்ட்லைன் இறந்துவிடும். தாத்தாவின் பழைய நண்பர்களுக்கும் மருத்துவமனைக்கும் தெரிந்த ஒரே எண் அதுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் ஃபோனைத் தனியே பிரித்துத் தரும்படி கம்பெனியைக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

`INTERNET` இணைப்பைத் திறந்தால் `Route` என்று இருப்பதை `Bridge` என்று மாற்ற வேண்டும். `VLAN ID` எண் மாறக் கூடாது. எந்த லேன் சாக்கெட்டுக்கு இந்த இணைப்பு என்று கேட்கும் இடத்தில் `LAN1`-ஐத் தேர்ந்தெடுத்து, ரவுட்டரின் `WAN` சாக்கெட்டிலிருந்து வரும் கேபிளை அதில் செருக வேண்டும். மோடத்தின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால், பழைய பழக்கத்தில் அதோடு இணையும் ஃபோன்கள் இணையமில்லாமல் தவிக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஏதோ தவறிவிட்டது என்று மோடத்தின் பின்னால் உள்ள `Reset` குழியில் குண்டூசியைச் செருகக் கூடாது. சாதாரண ரவுட்டரில் அது அழிப்பது வீட்டுக்காரரின் விருப்பங்களை மட்டும். ஃபைபர் மோடத்தில், கம்பெனியின் கருவி அதை அடையாளம் கண்டுகொள்ளும் குறியீடும் சேர்ந்து அழிந்துவிடக் கூடும். `PON` விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் நடந்தது அதுதான். அதன்பின் டெக்னீஷியன் வரும்வரை வீட்டில் இணையமும் இல்லை, ஃபோனும் இல்லை.

ரவுட்டரின் பக்கத்தில் செய்ய வேண்டியது சிறிய வேலை. இணைப்பின் வகையாக `PPPoE`-ஐத் தேர்ந்து, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, `MTU` என்ற இடத்தில் 1492 இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிறகு இரண்டு பெட்டிகளையும் அணைத்து, சில நிமிடங்கள் கழித்து முதலில் மோடத்தையும், அதன் விளக்குகள் நிலைத்ததும் ரவுட்டரையும் போட வேண்டும்.

இணையம் வராவிட்டால்

தடங்கல் எங்கே என்பதை ரவுட்டரின் செய்தியே காட்டிக்கொடுக்கும். மறுமுனையிலிருந்து பதிலே இல்லை என்று சொன்னால் ரவுட்டரின் அழைப்பு கம்பெனிவரை போகவில்லை. `VLAN ID` மாறியிருக்கும், அல்லது கேபிள் `LAN1`-க்குப் பதிலாக வேறு சாக்கெட்டில் இருக்கும். படத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை என்று சொன்னால் அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, வாசலில் மறுக்கப்படுகிறது. எழுத்துப் பிழையாக இருக்கலாம். மோடத்தின் பழைய நுழைவு கம்பெனியின் கணக்கில் இன்னும் முடியாமல் இருக்கலாம், அதற்குச் சிறிது நேரம் காத்திருந்தால் போதும். காத்திருந்தும் பலனில்லையென்றால், கம்பெனி அந்தக் கணக்கை மோடத்தின் வன்பொருள் எண்ணோடு பிணைத்து வைத்திருக்கும். ஃபோனில், “மேக் பைண்டிங்கை எடுத்துவிடுங்கள், ரவுட்டர் மாற்றியிருக்கிறேன்” என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்பும். இணையம் வருகிறது, சில தளங்கள் சட்டென்று திறக்கின்றன, சில தளங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. `PPPoE` ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் இடத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. வழக்கமான 1500-இலிருந்து அதைக் கழித்தால் 1492. ரவுட்டரில் `MTU` 1500 என்று இருந்துவிட்டால் பெரிய பொட்டலங்கள் வழியில் சிக்கிக்கொள்கின்றன.

மாறியதும் மாறாததும்

எல்லாம் சரியாக நடந்தால் ரவுட்டரின் `WAN` பகுதியில் 192.168.1.5 இருந்த இடத்தில் இப்போது 203.0.113.45 போன்ற வெளி முகவரி தெரியும். `UPnP` இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பிளேஸ்டேஷனை முழுவதுமாக அணைத்துப் போட்டுச் சோதித்தால் வர வேண்டியது `NAT Type 2`. இதற்கு மேல் ஆசைப்படத் தேவையில்லை. `Type 1` என்பது நடுவே ரவுட்டரே இல்லாமல் கன்சோலை நேராக இணையத்தில் நிறுத்தும் நிலை. வீட்டுக்கு அது வேண்டாத ஆபத்து. எக்ஸ்பாக்ஸில் எதிர்பார்க்க வேண்டிய சொல் `Open`.

பெங்களூர் நண்பன் இப்போது உள்ளே வருவான், மூன்றாமவரின் குரலும் கேட்கும். ஆனால் ஆட்டத்தின் பிங் குறைந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரு பெட்டியைக் கூடுதலாகத் தாண்டுவதால் ஏற்படும் தாமதம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. சிங்கப்பூரில் சர்வர் இருக்கும் ஆட்டத்தின் பிங்கை நிர்ணயிப்பது கடலுக்கடியில் போகும் கேபிளின் தூரம். சர்வரோடு மட்டும் பேசும் ஆட்டங்களை மட்டுமே ஆடுபவருக்கு இந்த மாற்றத்தால் கண்ணுக்குத் தெரியும் லாபம் இருக்காது.

ஆனால் பிங் சம்பந்தமாக ஒரு மறைமுக லாபம் உண்டு. முன்பு டி.வி.யும் அப்பாவின் ஃபோனும் மோடத்தின் வைஃபையில் இருந்தன. அவை எவ்வளவு இழுக்கின்றன என்பது ரவுட்டருக்குத் தெரியாது. மாலையில் அப்பாவின் ஃபோன் அன்றைய வீடியோக்களை மேலேற்றத் தொடங்கினால் பையனின் ஆட்டம் திணறியது, ரவுட்டரால் அதைத் தடுக்க முடியவில்லை. இப்போது வீட்டின் போக்குவரத்து முழுவதும் ரவுட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். கம்ப்யூட்டரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்:

```
ping -t 8.8.8.8
```

இது ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை மேலேற்ற வேண்டும். நிதானமாக இருந்த எண் சட்டென்று பல மடங்காக ஏறினால் வாசலில் வரிசை நிற்கிறது என்று பொருள். ரவுட்டரின் `QoS` பகுதியில் மேலேற்றும் வேகத்தையும் இறக்கும் வேகத்தையும் திட்டத்தின் வேகத்தில் சுமார் 90 சதவீதமாக வரையறுத்து, கன்சோலுக்கு முன்னுரிமை கொடுத்தால் அந்த வரிசை குறையும். 100 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு 90. அப்பா 300-க்குக் கட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் பணத்தை அடுத்த மாதமே நிறுத்திவிடலாம். மலிவான ரவுட்டர்கள் இந்த வேலையைச் செய்யும்போது மூச்சு வாங்கும். `QoS` போட்டதும் மொத்த வேகம் பாதியாகிவிட்டால் அந்தப் பெட்டியின் திறன் அவ்வளவுதான்.

காவலும் இப்போது முழுக்க ரவுட்டரின் தலையில். முன்பு அதற்கு முன்னால் மோடம் ஒரு மறைப்பாக நின்றது. இனி அது நேராகத் தெருவில் நிற்கிறது. கடையில் வாங்கியபோது இருந்த `admin` பாஸ்வேர்டு இன்னும் மாறாமல் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். வெளியிலிருந்து ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கும் `Remote Management` வசதி அணைந்திருக்க வேண்டும். அதன் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு ஏற்றிவிட வேண்டும். `UPnP` என்பது வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் கதவைத் திறக்கும் வசதி. பெயர் தெரியாத மலிவு கேமராக்கள் உள்ள வீட்டில் அதை அணைத்துவிட்டு, கன்சோலுக்கு மட்டும் நிலையான உள் முகவரி கொடுத்து, அதற்குத் தேவையான போர்ட்டுகளை மட்டும் கையால் திறந்துவைப்பது பாதுகாப்பு.

பிரிட்ஜ் நிலையைக் கம்பெனி மறுத்தால் இரண்டு வழிகள் மிச்சம். எளியது, ரவுட்டரை `Access Point` நிலையில் போடுவது. அப்போது நேட் வேலையை மோடம் மட்டும் செய்யும், ரவுட்டர் வைஃபையை நீட்டிக்கொடுக்கும் கருவியாகிவிடும். வாட்ச்மேன் ஒருவராகிவிடுகிறார், கன்சோலின் சொல்லை மோடத்தின் `UPnP` கேட்டுக்கொள்ளும். ஆனால் ரவுட்டரின் `QoS` பயன்படாது. இன்னொன்று, மோடத்தின் `DMZ` என்ற இடத்தில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.5-ஐக் கொடுப்பது. வெளி வாட்ச்மேன் இருந்த இடத்திலேயே இருப்பார், ஆனால் வருகிறவர் யாரானாலும் கூடத்துக்கு அனுப்பிவிடுவார். அந்த முகவரி மாறாதபடி மோடத்தில் நிலைப்படுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டருக்கு 192.168.1.6 கிடைக்கும். வெளி வாட்ச்மேன் யாரும் இல்லாத அறைக்கு விருந்தாளிகளை அனுப்பிக்கொண்டிருப்பார், பிளேஸ்டேஷனில் மறுபடியும் `NAT Type 3` வந்து நிற்கும்.